சிறந்த சுருக்கம் எது? சேர்த்ததையும் திரித்ததையும் கழித்து விடைக்கு வரும் முறை

கோத்தகிரியில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளோடு மாலையில் உட்கார்ந்து பத்திக் கேள்விகளைப் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். இலக்கணத்தில் தடுமாறாதவர்கள்கூட "இப்பத்தியின் சிறந்த சுருக்கம் எது?" என்ற கேள்வியில் மதிப்பெண்ணை விட்டுவிடுகிறார்கள். பத்தி புரிந்திருக்கும். ஆனால் ஐந்து ஆப்ஷன்களில் எது நன்றாக இருக்கிறது என்று தேடுவார்கள். கேள்வி எழுதுபவர் ஐந்தையுமே நன்றாக இருக்கும்படிதான் எழுதியிருப்பார். குறை எங்கே என்று தேடினால்தான் விடை பிடிபடும்.

இன்னொன்றும் கவனித்தேன். பத்தி நமக்குத் தெரிந்த விஷயத்தைப் பற்றி இருந்தால் தவறு அதிகமாகிறது. அதனால்தான் கீழே உள்ள பயிற்சிப் பத்தியை எங்கள் மலையில் எல்லோருக்கும் பழக்கமான, ஆங்கிலத்தில் வாட்டில் எனப்படும் சீகை மரத்தைப் பற்றி எழுதினேன். அந்த ஒரே பத்தியை வைத்து முழு முறையையும் செய்து பார்ப்போம்.

1. தொடங்கும் முன்

ஒரு பென்சில், ஒரு வெற்றுத் தாள் போதும். திரையில் எழுதும் தேர்வு என்றால் கணக்குப் போடத் தரும் தாள்.

முதலில் கேள்வியைப் படியுங்கள், பத்தியை அல்ல. சுருக்கம் கேட்கிறார்களா, தலைப்பு கேட்கிறார்களா, பத்தியிலிருந்து ஊகிக்கக்கூடியது எது என்று கேட்கிறார்களா? மூன்றுக்கும் அளவுகோல் வேறு. ஊகக் கேள்வியில் பத்தியில் நேராகச் சொல்லாத ஒன்று சரியான விடையாகலாம். சுருக்கத்தில் ஆகவே ஆகாது. இதைக் குழப்பிக்கொண்டால் அடுத்து வரும் எந்தப் படியும் உதவாது.

2. பயிற்சிப் பத்தியும் ஆப்ஷன்களும்

பத்தி இது:

> நீலகிரியின் உயர்ந்த பகுதிகளில் பள்ளங்களில் சோலையும் சரிவுகளில் புல்வெளியும் அடுத்தடுத்து அமைந்திருந்தன. மரமில்லாத புல்வெளியைப் பயனற்ற நிலம் என்று அக்கால வன நிர்வாகம் கருதியது. 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட சீகை, விறகுக்காகவும் பிற்காலத்தில் தோல் பதனிட உதவும் பட்டைக்காகவும் புல்வெளிகளில் நடப்பட்டது. நட்ட இடத்தோடு அது நிற்கவில்லை. அருகிலிருந்த புல்வெளிகளிலும் தானாகப் பரவியது. அதன் விதைகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடப்பதால், மரத்தை வெட்டிய பிறகும் புதிய கன்றுகள் முளைக்கின்றன. எனவே புல்வெளியை மீட்க மரத்தை வெட்டுவது மட்டும் போதாது. முளைக்கும் கன்றுகளையும் தொடர்ந்து பிடுங்க வேண்டும். அதே சமயம், சில இடங்களில் சீகையின் நிழலில் சோலை மரக் கன்றுகள் வளர்வதும் காணப்படுகிறது. அத்தகைய இடங்களில் சீகையை ஒரேயடியாக வெட்டுவது அந்தக் கன்றுகளைப் பாதிக்கக்கூடும்.

ஆப்ஷன்கள்:

(அ) புல்வெளிகளில் நடப்பட்ட சீகை தானாகப் பரவி நீரோடைகளை வற்றச் செய்ததால், அதை வெட்டுவதோடு கன்றுகளையும் தொடர்ந்து பிடுங்க வேண்டியுள்ளது.

(ஆ) பயனற்ற நிலமாக இருந்த புல்வெளிகளில் நடப்பட்ட சீகை பரவியது. அதன் நிழலில் சோலை மரக் கன்றுகள் வளர்வதால் அதை வெட்டக் கூடாது.

(இ) சீகையின் விதைகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடப்பதால், மரத்தை வெட்டிய பிறகும் புதிய கன்றுகள் முளைக்கின்றன.

(ஈ) நடப்பட்டுப் பரவிய சீகையிடமிருந்து புல்வெளியை மீட்க வெட்டுவதோடு கன்றுகளையும் விடாமல் நீக்க வேண்டும்; ஆனால் சோலைக் கன்றுகள் அதன் நிழலில் வளரும் இடங்களில் முழு வெட்டு அவற்றுக்குக் கேடாகலாம்.

(உ) சீகையை வெட்டிக் கன்றுகளையும் தொடர்ந்து பிடுங்கினால் புல்வெளி மீண்டுவிடும். ஆனால் சோலைக் கன்றுகள் வளரும் இடங்களில் முழு வெட்டு அவற்றைப் பாதிக்கக்கூடும்.

மேலே படிக்கும் முன் உங்கள் விடையை ஓரமாக எழுதி வையுங்கள்.

3. படிக்கும்போது இரண்டு வகைச் சொற்களுக்கு மட்டும் கோடு

பலர் பத்தி முழுக்கக் கோடு போடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் கோடு போட்டால் எதற்கும் போடாத மாதிரிதான். இரண்டு வகைக்கு மட்டும் போடுங்கள்.

ஒன்று, பேச்சைத் திருப்பும் சொற்கள்: எனவே, ஆனால், அதே சமயம், இருப்பினும். ஆசிரியர் தான் சொல்ல வந்ததைப் பெரும்பாலும் இவற்றை ஒட்டித்தான் வைப்பார். நம் பத்தியில் "எனவே" ஒரு கருத்தையும் "அதே சமயம்" இன்னொன்றையும் கொண்டுவருகின்றன.

இரண்டு, அளவையும் உறுதியையும் கட்டுப்படுத்தும் சொற்கள்: சில இடங்களில், மட்டும், கருதியது, பாதிக்கக்கூடும். திரிக்கப்பட்ட ஆப்ஷன்கள் கை வைக்கும் இடங்கள் இவையே. இப்போதே குறித்துவைத்தால் அப்புறம் தேடி அலைய வேண்டாம்.

ஆண்டு, நாடு, பொருள்களின் பெயர் ஆகியவற்றுக்குக் கோடு வேண்டாம். விவரக் கேள்விக்கு அவை தேவைப்படும். சுருக்கக் கேள்வியில் கண்ணைத்தான் இழுக்கும்.

4. ஆப்ஷன்களை மூடிவைத்து ஒரு வரி எழுதுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள், நேரம் போகிறது என்று. ஆனால் ஆப்ஷன்களைப் பார்த்துவிட்டால் அவற்றின் வார்த்தைகள் நம் நினைவில் பத்தியோடு கலந்துவிடும். எது பத்தியில் இருந்தது, எது ஆப்ஷனில் வந்தது என்று பிரிப்பது கஷ்டம். அதற்கு முன்பே நமக்கென்று ஒரு வரி கையில் இருக்க வேண்டும்.

அழகான வாக்கியம் தேவையில்லை. குறிப்பாக இருந்தால் போதும். நம் பத்திக்கு நான் எழுதுவது: "சீகை பரவியது – வெட்டினால் மட்டும் போதாது, கன்றும் பிடுங்கணும் – ஆனா சில இடத்தில் வெட்டினால் சோலைக் கன்றுக்குப் பாதிப்பு வரலாம்."

எழுதியதில் திருப்புச் சொற்கள் இரண்டும் கொண்டுவந்த கருத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். "அதே சமயம்" என்பதற்குப் பின் வந்ததை விட்டுவிட்டால் பாதிப் பத்தியைத்தான் சுருக்கியிருக்கிறீர்கள் என்று பொருள்.

5. முதல் கழிப்பு: பத்தியில் இல்லாததைச் சேர்த்த ஆப்ஷன்

ஆப்ஷனை முழு வாக்கியமாகப் படித்து மதிப்பிடாதீர்கள். கூற்று கூற்றாகப் பிரியுங்கள். (அ)வைப் பிரித்தால் இப்படி வரும்: சீகை புல்வெளிகளில் நடப்பட்டது, தானாகப் பரவியது, நீரோடைகளை வற்றச் செய்தது, வெட்டுவதோடு கன்றுகளையும் பிடுங்க வேண்டும், அப்படிப் பிடுங்க வேண்டியிருப்பதற்குக் காரணம் ஓடைகள் வற்றியது.

இப்போது ஒவ்வொரு கூற்றுக்கும் பத்தியில் விரல் வைக்க ஓர் இடம் தேடுங்கள். முதல் இரண்டுக்கும் இடம் இருக்கிறது, நான்காவதற்கும் இருக்கிறது. நீரோடைக்கு இல்லை. ஐந்தாவது கூற்றுக்கும் இல்லை. கன்றுகளைப் பிடுங்கச் சொல்வதற்குப் பத்தி தரும் காரணம் விதைகள் மண்ணில் கிடப்பது. எனவே (அ) போய்விட்டது.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளில் பலர் (அ)வைத்தான் எடுப்பார்கள். ஒரு தம்பி விடாமல் வாதாடினான்: "எங்க ஹட்டிப் பக்கம் ஓடையே வத்திப்போச்சுங்கண்ணா, அது உண்மைதானே?" உண்மையாகவே இருக்கட்டும் என்றேன். ஓடை வற்றியதை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான், சரி. ஆனால் இந்தப் பத்தி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நமக்குத் தெரிந்த உண்மையை இந்தப் பத்தியே சொன்னதாக நினைத்துக்கொள்வதுதான் இந்தக் கேள்வியின் பெரிய பொறி. விஷயம் தெரிந்தவருக்கு அது மிக எளிதாக நடக்கும். அறிமுகமில்லாத விஷயமாக இருந்தால் விரல் வைக்க இடம் தேடியே ஆக வேண்டும் என்பதால் தப்பித்துவிடுவார். அதனால் பழக்கமான விஷயம் பத்தியில் வந்தால் "இது எங்கே எழுதியிருக்கிறது?" என்று ஒவ்வொரு கூற்றையும் கேட்டாக வேண்டும்.

சேர்த்ததை முதலில் கழிப்பதற்குக் காரணம், அது வேகமான சோதனை. இருக்கிறதா, இல்லையா என்று மட்டும் பார்க்கிறோம். பொருளை நுணுக்கமாக எடைபோட வேண்டிய திரிபுச் சோதனைக்கு வரும்போது ஆப்ஷன்கள் குறைந்திருக்கும்.

ஓர் எச்சரிக்கை. புதிய சொல் வந்துவிட்டதாலேயே புதிய கருத்து வந்துவிட்டதாக ஆகாது. (ஈ)யில் "முழு வெட்டு", "கேடாகலாம்" என்று வருகின்றன. இரண்டும் பத்தியில் இல்லாத சொற்கள். ஆனால் "ஒரேயடியாக வெட்டுவது", "பாதிக்கக்கூடும்" ஆகியவற்றின் மேல் விரல் வைக்கலாம், பொருள் ஒன்றே. சொல்லைத் தேடாமல் கூற்றைத் தேடுங்கள். பத்தியின் சொற்கள் அப்படியே வருவதால் ஓர் ஆப்ஷன் பாதுகாப்பானது என்றும் நம்பாதீர்கள். அடுத்துக் கழிக்கப்போகும் (ஆ)வின் சொற்களில் பெரும்பாலானவை பத்தியிலிருந்து எடுத்தவைதான்.

6. இரண்டாவது கழிப்பு: இருப்பதைத் திரித்த ஆப்ஷன்

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். ஆப்ஷன் பேசும் விஷயம் பத்தியில் இருக்கும், விரல் வைக்கவும் இடம் இருக்கும். ஆனால் அங்கே சொன்னதும் இங்கே சொல்வதும் ஒன்றாக இருக்காது. மூன்றாம் படியில் கோடு போட்ட சொற்களை இப்போது ஆப்ஷனோடு ஒட்டிப் பாருங்கள்.

(ஆ)வில் மூன்று திரிபுகள் இருக்கின்றன.

யார் சொன்னது என்பது முதலாவது. "பயனற்ற நிலம் என்று அக்கால வன நிர்வாகம் கருதியது" என்கிறது பத்தி. ஆப்ஷனோ "பயனற்ற நிலமாக இருந்த புல்வெளி" என்கிறது. நிர்வாகத்தின் கருத்து ஆசிரியரின் கூற்றாக மாறிவிட்டது. புல்வெளியை மீட்பதைப் பற்றிப் பேசும் ஆசிரியர் அதைப் பயனற்றது என்று சொல்ல வாய்ப்பே இல்லை. கருதியது, நம்பினர், எனப்பட்டது, என்பர் என்று முடியும் வாக்கியங்களில் இந்தத் திரிபு அடிக்கடி நடக்கும். தமிழில் இந்தச் செய்தி வாக்கியத்தின் கடைசியில் வருவதால், வேகமாகப் படிப்பவர் நடுவிலேயே முடிவு கட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். வினைமுற்று வரை படியுங்கள்.

அடுத்தது அளவு. பத்தியில் "சில இடங்களில்" சோலைக் கன்றுகள் வளர்கின்றன. ஆப்ஷனில் அந்தச் சொல் இல்லை. ஒரு சொல்லை விட்டுவிட்டால் சுருக்கம்தானே என்று கேட்பார்கள். விவரத்தை விடலாம், வரம்பை விடக் கூடாது. "ஆஸ்திரேலியாவிலிருந்து" என்பதை எடுத்துவிட்டால் கூற்று மாறாது. "சில இடங்களில்" என்பதை எடுத்தால் எல்லா இடங்களிலும் என்று ஆகிவிடுகிறது. எதை விடலாம் என்று சந்தேகம் வந்தால், அந்தச் சொல் இல்லாமல் கூற்று பெரிதாகிறதா என்று பாருங்கள். பெரிதானால் அது திரிபு.

மூன்றாவது, உறுதி. "பாதிக்கக்கூடும்" என்று பத்தி தயக்கத்தோடு சொன்னது "வெட்டக் கூடாது" என்ற தடையாகிவிட்டது. அப்படி ஒரு முடிவை ஆசிரியர் எடுக்கவே இல்லை. சொல்லப்போனால் புல்வெளியை மீட்க வெட்டுவதோடு இன்னும் வேலை இருக்கிறது என்கிறார்; வெட்ட வேண்டாம் என்று எங்கும் சொல்லவில்லை.

தேர்வில் மூன்றையும் கண்டுபிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். ஒன்று உறுதியாகத் தெரிந்ததும் அடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஒரு கூற்று தவறினால் மற்றவை எவ்வளவு சரியாக இருந்தாலும் ஆப்ஷன் தேறாது. "முக்கால்வாசி சரிதானே" என்று அதைக் கையில் வைத்துக்கொள்பவர்கள்தான் கடைசியில் குழம்புகிறார்கள்.

இன்னொரு திரிபு இந்த ஆப்ஷன்களில் இல்லை, ஆனால் தேர்வுகளில் நிறைய வரும்: ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததைக் காரணமும் விளைவுமாக ஆக்குவது. நம் பத்தியில் பட்டைக்காக நட்டது "பிற்காலத்தில்" என்று இருக்கிறது. "விறகு போதாமல் போனதால் பட்டைக்காக நட்டார்கள்" என்று ஓர் ஆப்ஷன் வந்தால் அது தவறு. ஆப்ஷனில் "ஆல்", "எனவே", "காரணமாக" என்று எங்கே பார்த்தாலும், அதே இணைப்பு பத்தியிலும் இருக்கிறதா என்று திரும்பிப் போய்ப் பாருங்கள்.

7. மூன்றாவது கழிப்பு: உண்மைதான், ஆனால் சுருக்கம் இல்லை

(இ) பத்தியில் அப்படியே இருக்கிறது. எதையும் சேர்க்கவில்லை, திரிக்கவும் இல்லை. ஆனாலும் விடை இல்லை. நான்காம் படியில் எழுதிய வரியோடு ஒப்பிட்டால் ஏன் என்று தெரியும்: அது ஒரு காரணத்தை மட்டும் சொல்கிறது, அந்தக் காரணத்தால் ஆசிரியர் எடுத்த முடிவும் இல்லை, பின்னால் வந்த மாற்றுக் கருத்தும் இல்லை.

இந்தச் சோதனையை முதலில் செய்யாதீர்கள். புதியவர்கள் "எது நிறையச் சொல்கிறது" என்று முதலில் பார்ப்பதால், நிறையச் சொல்லிக் கூடவே பொய்யும் சொல்லும் ஆப்ஷனை எடுத்துவிடுகிறார்கள். உண்மையான கூற்றுகள் மட்டும் மிஞ்சிய பிறகுதான் எது முழுமையாக இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. (ஈ)யில் ஆஸ்திரேலியா இல்லை, 19-ஆம் நூற்றாண்டு இல்லை, விறகும் தோலும் இல்லை, அதனால் வேண்டாம் என்று நல்ல விடையைத் தூக்கிப்போடுபவர்கள் இருக்கிறார்கள். அவை பின்னணி. விட்டதால் கூற்று எதுவும் மாறவில்லை. சுருக்கம் என்றாலே எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும்.

8. இரண்டு மிஞ்சினால்

(ஈ)யும் (உ)வும் மிஞ்சியிருக்கும். இரண்டின் பின்பாதியும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டையும் மாற்றி மாற்றி முழுதாகப் படித்துக்கொண்டிருந்தால் நேரம்தான் போகும். ஒத்திருக்கும் பகுதியை விரலால் மூடிவிட்டு, வேறுபடும் பகுதியை மட்டும் பாருங்கள்.

(ஈ): புல்வெளியை மீட்க வெட்டுவதோடு கன்றுகளையும் நீக்க வேண்டும்.
(உ): வெட்டிக் கன்றுகளையும் பிடுங்கினால் புல்வெளி மீண்டுவிடும்.

முதலாவது, இது செய்தாக வேண்டிய வேலை என்கிறது. இரண்டாவது, இதைச் செய்தால் பலன் நிச்சயம் என்கிறது. பத்தி சொன்னது "வெட்டுவது மட்டும் போதாது, கன்றுகளையும் தொடர்ந்து பிடுங்க வேண்டும்" என்பது. அவ்வளவும் செய்தபின் புல் திரும்பி வருமா, புல்லை நாமே நட வேண்டியிருக்குமா என்று பத்தி பேசவில்லை. (உ) ஒரு வாக்குறுதியைத் தன் பங்குக்குக் கொடுத்துவிட்டது. ஆகவே விடை (ஈ).

தேவையானதைப் போதுமானதாக மாற்றும் இந்தத் திரிபு நன்றாகப் படிப்பவர்களையும் ஏமாற்றும். "வேண்டும்" என்று பத்தியில் இருப்பது ஆப்ஷனில் "செய்தால் நடக்கும்" என்று வந்தால் சட்டென்று நின்றுவிடுங்கள்.

அப்படியும் இரண்டில் ஒன்றைத் தீர்மானிக்க முடியவில்லை என்றால், அடக்கமாகச் சொல்லும் ஆப்ஷனை எடுங்கள். பெரிய கூற்றுக்குப் பத்தியில் பெரிய ஆதாரம் வேண்டும். அது கண்ணில் படவில்லை என்பதால்தான் நமக்குச் சந்தேகமே வந்திருக்கிறது. ஆனால் இது கடைசி வழி. ஆசிரியரே "எல்லா இடங்களிலும்", "ஒருபோதும்" என்று அழுத்தி எழுதிய பத்தியில் அடக்கமான ஆப்ஷன்தான் திரிபு. அங்கே "சில" என்று குறைத்துச் சொல்வதும் தவறே.

9. பழகும் விதம்

நிறையப் பத்திகளை வேகமாகப் போட்டுத் தள்ளுவதால் இது கைவராது. ஒரு பத்தியை எடுத்து, சரியான சுருக்கம் ஒன்றை நீங்களே எழுதுங்கள். பிறகு அதையே கெடுத்து மூன்று தவறான ஆப்ஷன்கள் தயாரியுங்கள்: ஒன்றில் உங்களுக்குத் தெரிந்த ஓர் உண்மையைச் சேருங்கள், ஒன்றில் "சில" என்பதை எடுத்துவிடுங்கள், ஒன்றில் "கருதினர்" என்பதை "இருந்தது" என்று மாற்றுங்கள். நண்பரிடம் கொடுத்துக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கேள்வி எழுதுபவர் எங்கே கை வைப்பார் என்பது இதில்தான் பிடிபடும். தினத்தாளின் நடுப்பக்கக் கட்டுரையில் ஒரு பத்தி போதும்.

விடையைச் சரிபார்க்கும்போது சரி, தவறு என்று மட்டும் குறிக்காதீர்கள். கழித்த ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் பக்கத்தில் சேர்ப்பு, திரிபு, குறை என்று ஒரு சொல் எழுதுங்கள். ஒரு வாரத்துத் தாள்களைப் புரட்டினால் நீங்கள் எந்த வகையில் அடிக்கடி ஏமாறுகிறீர்கள் என்று தெரிந்துவிடும். சேர்ப்பில் ஏமாறுபவர் ஐந்தாம் படியில் கூடுதல் நேரம் செலவிட வேண்டும். திரிபில் ஏமாறுபவர் ஆப்ஷன்களை விட்டுவிட்டு மூன்றாம் படிக்கே திரும்ப வேண்டும். பெரும்பாலும் அவர் அளவுச் சொற்களுக்குக் கோடு போட்டிருக்கவே மாட்டார்.